மிதிக்காமல் உருளும் பணம்: மன்னார்குடிக்குத் திரும்பிய பின் ஏழு ஆண்டுக் கணக்கு

2018 மே மாதத்தில், என்னுடைய 36ஆவது வயதில், சென்னையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் பிடித்தம் போக மாதம் 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் 16,000 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்காளராகச் சேர்ந்தேன். அதே மாதம் என் கணவர் அம்பத்தூர்த் தொழிற்சாலை வேலையை விட்டு, மன்னார்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றைத் திறந்தார். அன்றிலிருந்து இன்றுவரை என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "வயதான காலத்துக்கு என்ன செய்வீர்கள்?" என்பதுதான். அதற்கான விடையைக் கணக்கோடு எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நாங்கள் செய்ததை ஆங்கிலத்தில் 'கோஸ்ட் எஃப்.ஐ.' என்கிறார்கள், அதாவது மிதிக்காமல் உருண்டே பொருளாதாரச் சுதந்திரத்தை அடைவது. எங்கள் பகுதி தட்டையான பூமி. சைக்கிளில் போகிறவருக்கு இறக்கம் என்று ஒன்று கிடைத்தால் அது ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதுதான் கிடைக்கும். பாலத்தின் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்து உச்சிக்கு வந்துவிட்டால், மறுபக்கம் மிதிக்காமலே வெகுதூரம் உருளலாம். இளமையில் கடுமையாகச் சேமித்து ஓய்வுக்கால நிதியை ஓர் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன்பின் அதில் எதுவும் போடாமல், எதுவும் எடுக்காமல், கூட்டு வட்டியே அதை அறுபதாவது வயது வரை வளர்க்கும்படி விடுவதுதான் இந்த முறை. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் நாம் ஈட்டும் வருமானம் அன்றாடச் செலவுக்குப் போதுமானதாக இருந்தால் போதும், சேமிப்புக்கும் சேர்த்து ஈட்ட வேண்டியதில்லை. வேலையே செய்யாமல் இருப்பதற்கான திட்டம் அன்று இது. சம்பளம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கி வைத்திருந்த வேலையைச் செய்வதற்கான திட்டம்.

எனக்கு அந்த வேலை எது என்பதில் குழப்பம் இருந்ததில்லை. எங்கள் அப்பா ஒன்பது மா நிலத்தில், அதாவது மூன்று ஏக்கரில், சம்பா பயிரிட்டவர். அறுத்த நெல்லைக் களத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு கொள்முதல் நிலைய வாசலில் அவர் இரவெல்லாம் உட்கார்ந்திருந்ததைப் பள்ளிக்கூடப் பெண்ணாகப் பார்த்திருக்கிறேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று மூட்டைகள் திரும்பும். காய வைக்க இடமில்லாதவர்கள் வந்த விலைக்குத் தரகரிடம் தள்ளிவிடுவார்கள். இப்போது எங்கள் நிறுவனத்தில் நெல் வாங்கும் நாளில் ஈரப்பதமானியின் சிறு கிண்ணத்தில் நெல்லைக் கொட்டி மூடியைத் திருகியதும் எண் எரியும். அந்த எண்ணை விவசாயியும் குனிந்து பார்த்த பிறகுதான் நான் சீட்டில் எழுதுவேன். எடை, ஈரம், பிடித்தம், போய்ச் சேரும் தொகை என நான்கும் ஒரே சீட்டில் இருக்கும். "ஏம்மா, மூட்டைக்கு எனக்கு என்ன விழும்?" என்று கேட்டு, நான் சொல்லும் தொகையை விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்துவிட்டுப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு 16,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க அந்த நிறுவனத்தால் முடியாது என்பது அதன் கணக்கை எழுதுகிற எனக்குத் தெரியும். ஆகவே, அந்தச் சம்பளத்தில் வாழ்வதற்கு வேண்டிய ஏற்பாட்டை நான்தான் முன்கூட்டிச் செய்ய வேண்டியிருந்தது.

2004இல் வேலைக்குச் சேர்ந்தேன். 2009இல் திருமணம் ஆனது. இருவர் சம்பளத்தில் ஒருவர் சம்பளம் ஏறக்குறைய முழுதும் சேமிப்பு என்று முதல் மாதமே முடிவு செய்தோம். அம்பத்தூரில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஒன்பது ஆண்டுகள் இருந்தோம். கார் வாங்கவில்லை, வீட்டுக் கடன் வாங்கவில்லை. சேமித்த விதத்தில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பி.எஃப். சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. 2010 ஏப்ரலில் பி.பி.எஃப். என்கிற அரசின் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கினேன். அதே ஆண்டு, பங்குச் சந்தையின் நிஃப்டி குறியீட்டை அப்படியே பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றில், எஸ்.ஐ.பி. என்கிற மாதத் தவணை போட ஆரம்பித்தேன். இருபத்தைந்தாவது வயதில் போட்ட ஒரு ரூபாய்க்கு அறுபது வரை 35 ஆண்டுகள் கிடைக்கின்றன, நாற்பத்தைந்தில் போட்டதற்குப் பதினைந்துதான் கிடைக்கின்றன. ஒரே வளர்ச்சி விகிதத்தில், விலைவாசியைக் கழித்த பிறகும், முன்னது பின்னதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. முதலில் கடுமையாக மிதிக்கச் சொல்வதற்குக் காரணம் இந்த ஆண்டுகளின் எண்ணிக்கைதான்.

நான் செய்த பெரிய பிழையை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த முறையைப் பற்றிப் படித்துவிட்டு வருகிற பெரும்பாலானோர் அதே இடத்தில்தான் தவறுகிறார்கள். 2015ஆம் ஆண்டின் முடிவில் என்னிடம் 26 லட்சம் இருந்தது. ஊரில் குடும்பம் நடத்த மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்கு மூன்று லட்சம் ஆகும் என்று வைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு இருந்தால் ஓய்வு பெறலாம் என்பது வழக்கம். அது அந்நாட்டுச் சந்தையின் பழைய வரலாற்றையும் முப்பது ஆண்டு ஓய்வுக்காலத்தையும் வைத்து 1994இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. நம் விலைவாசி வேகத்துக்கு அது குறைவு என்று தோன்றியதால் நான் 33 மடங்கு எடுத்துக்கொண்டேன். ஆகவே இலக்கு, அன்றைய ரூபாய் மதிப்பில் ஒரு கோடி. பங்குச் சந்தை 12 சதவீதம் வளரும், விலைவாசி 6 சதவீதம் ஏறும், மிச்சம் 6 சதவீதம், இன்னும் 26 ஆண்டுகள் இருக்கின்றன என்று கணக்கிட்டபோது, 22 லட்சம் இருந்தாலே போதும் என்று வந்தது. என்னிடம் அதற்கு மேலேயே இருந்தது. ராஜினாமாக் கடிதத்தை மனத்துக்குள் எழுதிவிட்டேன்.

வங்கியில் பணிபுரிந்த என் பெரியப்பா மகனிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உன் பணத்தில் பாதிக்கு மேல் பி.எஃப்.இலும் பி.பி.எஃப்.இலும் கிடக்கிறது. அதற்கு யார் 12 சதவீதம் தருகிறார்கள்?"

அவர் கேட்டது சரி. வட்டி எட்டோ எட்டரையோ வரும் இடத்தில், விலைவாசி ஆறு போனால் மிஞ்சுவது இரண்டு அல்லது இரண்டரைதான். பங்குச் சந்தைக்கும் 12 சதவீதம் என்று எழுதிக்கொள்ள எந்த உறுதியும் கிடையாது. ஆகவே பணத்தை இரண்டாகப் பிரித்து, வட்டி தரும் பகுதிக்கு விலைவாசிக்கு மேல் 2 சதவீதமும், இண்டெக்ஸ் ஃபண்டுக்கு 5.5 சதவீதமும் மட்டும் வைத்து மறுபடி கணக்கிட்டேன். அறுபதில் இருக்கப்போவது அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 72 லட்சம்தான் என்று வந்தது. இலக்குக்கு 28 லட்சம் குறைவு. போதும் என்று சொன்ன கணக்கும் போதாது என்று சொன்ன கணக்கும் ஒரே பணத்தைப் பற்றியவை. நான் தேர்ந்துகொண்ட சதவீதம் ஒன்றுதான் மாறியிருந்தது. இந்த முறையில் இலக்குத் தொகையை விட, சேமிக்கும் ஒழுக்கத்தை விட, அந்தச் சதவீதத்தில்தான் மனிதர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம். நம் எல்லாப் பணத்துக்கும் சேர்த்து ஒரே சதவீதம் போட்டிருந்தால், அந்தத் தாளை நம்பக்கூடாது.

மேலும் இரண்டரை ஆண்டுகள் சென்னையிலேயே இருந்தோம். 2018 மே மாதத்தில் பி.எஃப்.இல் 12.4 லட்சம், பி.பி.எஃப்.இல் 8.6 லட்சம், இண்டெக்ஸ் ஃபண்டில் 19 லட்சம், மொத்தம் 40 லட்சம் சேர்ந்திருந்தது. அறுபதுக்கு 24 ஆண்டுகள் இருந்தன. எக்செல்லில் நான் இட்ட வரிகள் இவ்வளவுதான். தொகைகள் லட்சத்தில் இருக்கின்றன:

```
=21*1.02^24
=19*1.055^24
```

முதல் வரிக்கு 33.8 என்றும் இரண்டாவதற்கு 68.7 என்றும் விடை வந்தது. இரண்டும் சேர்ந்து 102.5 லட்சம், அதாவது அன்றைய விலைவாசியில் ஒரு கோடியைச் சற்றே தாண்டுகிற தொகை. இதே கணக்கில் பங்குப் பகுதிக்கு 5.5க்குப் பதில் 4 என்று மாற்றினால் மொத்தம் 82 லட்சமாகிவிடும். இந்த இரண்டாவது எண்ணையும் அதே தாளில் எழுதி வைத்தேன். அப்படி நடந்தால் 66 வயது வரை வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்பதை இருவரும் பேசி ஒப்புக்கொண்ட பிறகுதான் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன்.

அதற்கு முன் பத்து மாதங்கள் ஓர் ஒத்திகை பார்த்தோம். ஊரில் கிடைக்கப்போகும் வருமானம் எவ்வளவோ அதை மட்டும் ஒரு வங்கிக் கணக்கில் போட்டு, வாடகை நீங்கலான எல்லாச் செலவையும் அதிலிருந்தே செய்து பார்த்தோம். இந்த ஒத்திகை நான் எழுதிவைத்திருந்த 25,000 ரூபாயில் இருந்த ஓர் ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது. சென்னையில் இருந்தவரை உறவுக்காரர் விசேஷங்களுக்கு ஆண்டுக்கு நாலைந்து முறைதான் போவோம். ஊருக்கு வந்துவிட்டால் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, திருமணம், வளைகாப்பு, புதுமனை என்று ஒன்றையும் தவறவிட முடியாது. மொய் எழுதுவதும் சீர் செய்வதும் ஊரில் வாழ்வதற்கான விலை. அதைச் செலவுக் கணக்கில் எழுதாமல் விட்டால் அது சேமிப்பிலிருந்து போகும். மாதம் 2,500 ரூபாய் சராசரியாக அதற்கென்று ஒதுக்கி, மற்றச் செலவுகளைக் குறைத்து, அதே 25,000க்குள் கொண்டுவந்தோம்.

இன்னொரு ஏற்பாடும் முன்கூட்டியே செய்ததால் தப்பித்தோம். நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு வேலையை விட்டதும் நின்றுவிடும். ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குத் தனிக் காப்பீட்டில் காத்திருப்புக் காலம் உண்டு. அப்போது அது நான்கு ஆண்டுகள் வரை இருந்தது, 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். என் கணவருக்கு இரத்த அழுத்தம் இருந்ததால், நிறுவனக் காப்பீடு கையில் இருக்கும்போதே, 2015இல், குடும்பத்துக்குத் தனிக் காப்பீடு ஒன்றை எடுத்து அந்தக் காலத்தின் பெரும்பகுதியைச் சென்னையிலேயே கழித்துவிட்டோம். மகளின் படிப்புக்கான பணத்தையும் இந்த 40 லட்சத்தில் சேர்க்கவில்லை. அது 2015இல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புக் கணக்கில் தனியாக இருக்கிறது. பதினெட்டு வயதில் மேற்படிப்புக்கென்று இருப்பில் பாதிவரை எடுக்கலாம்.

ஊருக்கு வந்த முதல் மாதத்திலேயே வந்த சோதனை, நிலம். எங்கள் வயலுக்கு அடுத்த வயல் விலைக்கு வந்தது. "பி.எஃப். பணத்தை எடுத்து வாங்கிப் போடு, மண் ஓடிப்போகாது" என்று மாமா சொன்னார். வேலையில்லாமல் இரண்டு மாதம் ஆகிவிட்டால் பி.எஃப். முழுவதையும் அப்போது எடுக்க முடிந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. டெல்டாக்காரர்களுக்கு நிலம் என்றால் அது வெறும் முதலீடு அன்று என்பதை நானும் உணர்வேன். பக்கத்து வயலை விட்டுக்கொடுத்தது அப்பாவுக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் அந்த வயலின் குத்தகை நெல்லை ரூபாயாக்கிப் பார்த்தபோது நிலத்தின் விலையில் நூற்றுக்கு இரண்டுகூட வரவில்லை. விலை ஏறலாம் என்றாலும், ஓய்வுக்காலத்தில் மாதச் செலவுக்கு ஒரு மாவைத் துண்டாக விற்றுக்கொண்டிருக்க முடியாது. பணம் தொடப்படாமல் உருள வேண்டும் என்பதுதான் திட்டத்தின் அடிப்படை. முதல் ஆண்டிலேயே அதில் மூன்றில் ஒரு பங்கை வேறு வடிவத்துக்கு மாற்றினால் திட்டமே வேறாகிவிடும். மாமாவிடம் மரியாதையாக மறுத்துவிட்டேன்.

பி.எஃப்.ஐ அப்படியே விட்டதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சந்தா நின்றுவிட்டாலும் 58 வயது வரை அந்தக் கணக்குக்கு வட்டி வரும், 2024-25க்கும் 8.25 சதவீதம் வந்தது. ஆனால் வேலையை விட்ட நாளுக்குப் பின் சேரும் வட்டிக்கு வரிவிலக்குக் கிடையாது, அதை ஆண்டு வருமானத்தில் காட்ட வேண்டும். எனக்கு இது மூன்றாம் ஆண்டில்தான் தெரியவந்தது. என் சம்பளம் குறைவு என்பதால் வட்டியைச் சேர்த்த பிறகும் கட்ட வேண்டிய வரி எதுவும் வரவில்லை. அதிக வருமானத்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதிக்கு விலைவாசிக்கு மேல் 2 சதவீத வளர்ச்சிகூட வைக்க முடியாது. பி.பி.எஃப்.இல் ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய் போடாவிட்டால் கணக்கு முடங்கும் என்பதால், ஒவ்வோர் ஏப்ரலிலும் முதல் வேலையாக அந்த 500ஐப் போட்டுவிடுகிறேன்.

ஊருக்கு வந்த ஆறாவது மாதத்தில், 2018 நவம்பர் 16 விடியற்காலையில், கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற பதினான்கு தென்னைகளில் பதினொன்று சாய்ந்தன, அவற்றில் ஒன்று சமையல் கட்டின்மேல் விழுந்தது. ஓட்டுக்கூரை பாதி போய்விட்டது. மூன்று வாரங்களுக்கு மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாத ஊரில் மோட்டார் எரிவதில்லை, காயில் கட்ட யாரும் வருவதில்லை. கடை அடுத்த இரண்டு மாதங்களும் ஏறக்குறைய மூடியே இருந்தது. எங்களிடம் இருந்த அவசர நிதி 1.5 லட்சம். சென்னையில் மாதச் சம்பளம் வாங்கியவர்களுக்கு அது ஆறு மாதச் செலவாகத் தெரிந்தது. வீடு, கடை, வருமானம் மூன்றும் ஒரே இரவில் ஒன்றாக விழும் இடத்தில் வாழ்கிறோம் என்பதை நான் அந்தத் தொகையில் எழுதியிருக்கவில்லை.

கூரைக்கும் கடையின் இயந்திரங்களுக்குமாக இண்டெக்ஸ் ஃபண்டிலிருந்து 3.5 லட்சம் எடுத்தோம். எடுத்த அன்று அது 3.5 லட்சமாகத்தான் தெரிந்தது. 2019 ஜனவரியில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் அதன் முழு விலை புரிந்தது. அறுபது வயதில் அந்தப் பணம் 2019இன் மதிப்பிலேயே பன்னிரண்டு லட்சமாக ஆகியிருக்கும். வட்டிப் பகுதியில் இருந்த 22 லட்சமும் ஃபண்டில் மிஞ்சிய 16 லட்சமும் சேர்ந்து அறுபதில் 91 லட்சத்தைத்தான் தொடும் என்று வந்தது. முன்பு கையில் இருந்த சிறு உபரியும் போய், ஒன்பது லட்சம் குறை விழுந்திருந்தது.

அந்த இரவு நான் தூங்கவில்லை. சென்னைக்கே திரும்பிவிடலாமா என்று என் கணவர் கேட்டார். ஆனால் குறையை மாதத் தவணையாக மாற்றிப் பார்த்தபோது நிலைமை வேறாகத் தெரிந்தது. 23 ஆண்டுகளுக்கு மேல் காலம் இருந்ததால், மாதம் ஏறக்குறைய 1,650 ரூபாய் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு, விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் அதைச் சற்று உயர்த்திக்கொண்டே போனால், அந்த ஒன்பது லட்சம் நிரம்பிவிடும். அதுவும் முடியாவிட்டால் இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வேலை பார்த்தாலும் 99 லட்சம் வரை வந்துவிடும். முதல் வழியை எடுத்துக்கொண்டு மாதம் 2,000 என்று தொடங்கினோம். கடையின் மிச்சத்திலிருந்து அந்தத் தொகை போகிறது. இப்படிப் போடத் தொடங்கினால் அது உருளுவதாகாது, மிதிப்பதுதான் என்று சிலர் சொல்லலாம். எதிர்காற்றில் இரண்டு மிதி மிதிப்பதற்கும், மறுபடி 85,000 ரூபாய் வேலையைத் தேடி ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் போதும்.

அதற்குமுன் அவசர நிதியைத்தான் சரிசெய்தோம். கடை வருமானம் பருவத்தோடு போகிறது. கோடையில் மின்னழுத்தம் குறைந்து பம்புசெட் மோட்டார்கள் எரியும், குறுவை தொடங்கும்போது வேலை குவியும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஆளே வராது. ஆகவே நல்ல மாதத்தின் வருமானத்தைச் சராசரி என்று நினைத்துவிடக் கூடாது என்று, கடையிலிருந்து வீட்டுக்கு மாதம் 12,000 மட்டும் எடுப்பது, மீதி வங்கி வைப்பில் சேர்வது என்று வைத்தோம். அந்த வைப்பு மூன்று லட்சம் ஆகும்வரை வேறு எந்தப் புதுச் செலவும் செய்யவில்லை. 2020 மார்ச்சில் நிஃப்டி அதன் ஜனவரி உச்சத்திலிருந்து 38 சதவீதம் அளவுக்கு விழுந்து, ஊரடங்கில் கடையும் மூடிக்கிடந்தபோது, ஃபண்டைத் தொடாமல் எங்களைக் காத்தது அந்த வைப்புத்தான். இறங்கிய விலையில் அப்போது மூன்று லட்சம் எடுக்க நேர்ந்திருந்தால், 2018இல் எடுத்ததைவிட அது அதிகமாக வலித்திருக்கும்.

ஆண்டுக்கு ஒரே ஒருமுறைதான் கணக்குப் பார்க்கிறோம். ஆடிப்பெருக்கு முடிந்த ஞாயிறு அதற்கான நாள். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து, வீட்டில் சித்திரான்னம் செய்து முடித்த மறுவாரம், மார்ச் முடிவு வரையிலான பி.பி.எஃப். வட்டி பாஸ்புக்கில் ஏறியிருக்கும். நோட்டில் நான்கு எண்கள்தான் எழுதுவேன். வட்டி தரும் பகுதியில் எவ்வளவு, ஃபண்டில் எவ்வளவு, அறுபதுக்கு இன்னும் எத்தனை ஆண்டு, கடந்த பன்னிரண்டு மாதங்களில் உண்மையில் ஆன செலவு எவ்வளவு. இந்த நான்காவது எண்தான் திட்டம் வழி தவறுவதை முதலில் சொல்கிறது. பணம் எதிர்பார்த்தபடி வளர்ந்தும், செலவு விலைவாசியைவிட வேகமாக ஏறியிருந்தால், இலக்கு நம்மைவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 2022இல் எங்களுக்கு அப்படி நடந்தது. அம்மாவின் மருந்துகளும் தஞ்சாவூர் மருத்துவமனைக்கு மாதம் இருமுறை கார் வாடகையும் சேர்ந்து செலவு ஓராண்டில் பதினைந்து சதவீதம் கூடியிருந்தது. அவற்றில் எது எங்கள் முதுமையிலும் தொடரும், எது தொடராது என்று பிரித்து எழுதிய பிறகுதான் இலக்கைத் திருத்தினேன்.

2025 ஆடியில் எழுதிய எண்கள் இவை. வட்டிப் பகுதியில் 35.8 லட்சம், மாதத் தவணைகளையும் சேர்த்து ஃபண்டில் 41.5 லட்சம், இன்னும் 17 ஆண்டுகள், மாதச் செலவு 38,500 ரூபாய். பழைய 25,000 ரூபாயை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற்றினால் ஏறக்குறைய 37,600 வர வேண்டும். ஆகவே செலவு கோட்டுக்குச் சற்று மேலேதான் போகிறது. இன்றைய விலைவாசியில் இலக்கு 1.52 கோடி. அதே இரண்டு வரிகளை இப்போது 17 ஆண்டுகளுக்கு இட்டால் 50 லட்சமும் 103 லட்சமும் சேர்ந்து 1.53 கோடி வருகிறது. ஏழு ஆண்டுகளில் ஒரு புயலும் ஒரு பெருந்தொற்றும் கடந்து, நூலிழையில் கோட்டின்மேல் நிற்கிறோம். பங்குச் சந்தை இந்த ஆண்டுகளில் என் 5.5ஐவிட வேகமாக வளர்ந்ததும் இதற்குக் காரணம். அடுத்த பதினேழு ஆண்டுகளும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இந்தக் கணக்கில் ஒரு குறை இருக்கிறது. ஃபண்டை விற்கும்போது ஓராண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட நீண்டகால லாபத்துக்கு 2024 ஜூலையிலிருந்து 12.5 சதவீத வரி உண்டு. நான் எழுதிய எதுவும் வரி போக மிஞ்சும் தொகை அன்று. ஆகவே இந்த ஆடியிலிருந்து மாதத் தவணையை 3,000 ஆக உயர்த்தியிருக்கிறோம். அறுபதுக்குள் அது இன்றைய மதிப்பில் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகச் சேரும், வரிக்கு அது ஈடாகலாம். என் சம்பளம் இப்போது 24,000. நிறுவனத்தின் விதைநெல் கணக்கும் இந்த ஆண்டு என்னிடமே வந்திருக்கிறது. நோட்டில் அடுத்த பக்கத்தின் தலைப்பில் '2026 ஆடி, 16 ஆண்டு' என்று எழுதி மூடி வைத்திருக்கிறேன்.